நாற்காலி பிடித்து வைத்திருந்த விருந்தாளி



கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே படிக்கலாம். உங்களில் பலருக்கு நான் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுத்தவள். டென்ஸ், ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ், லீவ் லெட்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எனக்கே தெரியாது என்பதே ரிடையர் ஆன பிறகுதான் தெரிந்தது.

போன தை மாதம் என் அண்ணன் பையன் கல்யாணம், ஸ்ரீரங்கத்தில். அவனுடைய ஆபீஸிலிருந்து ஓர் ஆங்கிலேயர் வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, பாவம், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பையன் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்து, “அத்தை, நீங்கதான் இங்கிலீஷ் டீச்சர். கொஞ்சம் பேசிட்டிருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் ஆரம்பித்தேன். “வாட் இஸ் யுவர் குட் நேம்?” சொன்னார். “ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?” “நாட் யெட்” என்றார். “ஹவ் மெனி சில்ட்ரன்?” “நோ சில்ட்ரன்” என்றார். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? “வொய்?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு சிரித்தார். எனக்கு அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மேடையில் கூப்பிட்ட மாதிரி எழுந்து, “ஐ வில் கோ அண்ட் கம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். போயிட்டு வரேன் என்றுதான் சொன்னேன், நாம் எல்லோரும் சொல்வதைப் போல.

ஒரு வாரம் கழித்து அண்ணன் பையன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அத்தை, நீங்க திரும்பி வருவீங்கன்னு அவர் உங்க நாற்காலியில தன் பையை வெச்சு இடம் பிடிச்சு வெச்சிருந்தாராம். யார் வந்தாலும் ‘ஆன்ட்டி இஸ் கமிங்’னு சொல்லியிருக்கார். முதல் பந்தி முடிஞ்சு ரெண்டாவது பந்தியிலதான் சாப்பிட்டார்.”

அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் ஆங்கிலம் எடுத்த டீச்சர், ஒரு விருந்தாளியைப் பசியோடு உட்கார வைத்துவிட்டேன். நான் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

இதே சமயத்தில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை. “டீச்சர், வேலை விஷயம் எவ்வளவு வேணும்னாலும் இங்கிலீஷ்ல பேசிடுவேன். மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வர வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம் சும்மா பேசுவாங்க பாருங்க, அந்த நேரத்துலதான் வேர்த்துடும். மைக்கை அணைச்சுட்டு உட்கார்ந்துடுவேன்” என்றான். அவனுடைய மேலதிகாரி வருஷ மதிப்பீட்டில், வேலை நன்றாகச் செய்கிறான், ஆனால் வாடிக்கையாளரோடு பழகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாராம். அவனைப் போலவே வேலை தெரிந்த இன்னொரு பையனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் இருவருமாக உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டோம். கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கும் என் தங்கை மகளும் உதவினாள். அப்போது எழுதி வைத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் தங்கை மகள் ஒரு கேள்வி கேட்டாள். “பெரியம்மா, நீங்க காலையில பூக்கூடையோட வடக்கு வாசல் பக்கம் போறீங்க. எதிர்ல வர மாமி ‘என்ன, கோவிலுக்கா?’ன்னு கேக்கறா. அவளுக்குத் தெரியாதா?” தெரியும். பூக்கூடையோடு வேறு எங்கே போவேன்? அவள் தகவல் கேட்கவில்லை. ‘உன்னைப் பார்த்தேன், நாம் நல்லபடியாக இருக்கிறோம்’ என்பதைத்தான் அப்படிக் கேட்கிறாள். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-இல் வெளியான ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட பேச்சுக்குத் தனியாக ஒரு பெயரே கொடுத்திருக்கிறாராம். சேதி சொல்வதற்காக இல்லாமல் மனிதர்களைச் சேர்த்து வைப்பதற்காகப் பேசும் பேச்சு. எல்லா மொழியிலும் இது உண்டு. எந்தக் கேள்வி அதற்கு உரியது என்பதுதான் மொழிக்கு மொழி மாறும்.

நம்முடைய ‘சாப்டீங்களா?’ அன்பு. அதையே ஆங்கிலத்தில் கேட்டால், சாப்பிடக் கூப்பிடப் போகிறாயா என்று அவர்கள் நினைக்கலாம். ‘எங்கே கிளம்பிட்டீங்க?’ நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு விசாரணை. ‘இளைச்சுட்டீங்களே’ நமக்கு அக்கறை, அவர்களுக்கு உடம்பைப் பற்றிய பேச்சு. வயது, சம்பளம், கல்யாணம், குழந்தை, மதம் இவை எல்லாம் பழகின பிறகு அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை. எதிர்ப்பக்கமும் இதே கதைதான். அவர்கள் கேட்கும் ‘ஹவ் ஆர் யூ?’ நம் மாமியின் ‘கோவிலுக்கா?’ மாதிரி. ‘குட், தேங்க்ஸ். ஹவ் அபௌட் யூ?’ என்றால் போதும். முட்டி வலியைச் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் திகைத்துப் போவார்கள்.

ஆரம்பிப்பது எப்படி? இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிவது எதுவோ அதைப் பற்றி முதலில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி. வெறும் கேள்வியை மட்டும் கேட்டால் ரேஷன் கார்டுக்கு விவரம் எழுதுவது மாதிரி ஆகிவிடும். அன்று மண்டபத்தில் நான் செய்தது அதுதான். நாதஸ்வரம் எங்கள் காதுக்குப் பக்கத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தது. “த மியூசிக் இஸ் க்வைட் லவுட், இஸ்ன்ட் இட்? இஸ் திஸ் யுவர் ஃபர்ஸ்ட் வெட்டிங் இன் இந்தியா?” என்று கேட்டிருந்தால் அவரே அரை மணி நேரம் பேசியிருப்பார். பேசுவதற்கு விஷயம் எதிரிலேயே இருந்தது. நான் அவருடைய குடும்பத்துக்குள் புகுந்துவிட்டேன்.

அந்த ‘இஸ்ன்ட் இட்’டைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் இதை க்வெஸ்சன் டேக் என்று போர்டில் எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். எதற்காக என்று சொன்னதில்லை. ‘நீயும் என்னோடு சேர்ந்துகொள்’ என்று கூப்பிடுவதற்காக. அதனால் வானிலை பற்றி யாராவது பேசினால் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கேட் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் நாட்டு மக்களைப் பற்றி 2004-இல் எழுதிய புத்தகத்தில், அவர்கள் வானிலை பற்றிப் பேசுவது வானிலைக்காக இல்லை, அதில் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று விளக்கியிருக்கிறார். நாம் என்ன செய்வோம்? திருச்சிக்கு வந்தவர் “இட்ஸ் ஸோ ஹாட்” என்றால், “நோ நோ, திஸ் இஸ் நத்திங். யூ கம் இன் அக்னி நட்சத்திரம்” என்போம். நமக்கு ஊர்ப் பெருமை. அவர் நீட்டிய கையை நாம் தட்டிவிட்டோம் என்று நமக்குத் தெரிவதில்லை. “இட் ரியலி இஸ்” என்று முதலில் சொல்லிவிட்டு, அக்னி நட்சத்திரத்தைப் பிறகு சொல்லலாம்.

அடுத்தது, பேச்சு அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வது. ஸ்ரீரங்கத்தில் பூ கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் பிறகு அடுத்த பூவை வைக்க நார் மீதி இருக்கும். நாரை ஒட்ட அறுத்துவிட்டால் சரம் அத்தோடு முடிந்தது. நம் பிள்ளைகள் பதிலில் நாரை ஒட்ட அறுத்துவிடுகிறார்கள். “ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?” “குட்.” முடிந்தது. கேட்டவர் இனி எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்?

பதிலோடு இன்னும் ஒரே ஒரு சேதி சேர்க்க வேண்டும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. “குட். ஐ டுக் மை மதர் டு த ரிவர். த வாட்டர் ஹேஸ் ஜஸ்ட் கம்.” அம்மாவை ஆற்றுக்குக் கூட்டிப்போனேன், தண்ணீர் வந்துவிட்டது. இதில் அவர்கள் பிடித்துக்கொள்ள இரண்டு நுனி இருக்கிறது, அம்மா ஒன்று, ஆறு ஒன்று. அதே மாதிரி அவர்கள் சொல்வதிலும் நுனி இருக்கும். நாம் அடுத்த கேள்வியை மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தால் அது காதில் விழாது. என் மாணவனின் பிரச்சினை அதுதான். பத்துக் கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். எதிரில் இருப்பவர் பேசும்போது மூன்றாவது கேள்வியை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தான்.

அவனிடம் முன்பு நடந்த ஒரு பேச்சை அப்படியே சொல்லச் சொன்னேன். இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா பேசியிருக்கிறார். “இட்ஸ் பீன் ரெய்னிங் ஆல் வீக் ஹியர்.” இவன் “ஓகே மேடம்” என்றிருக்கிறான். அமைதி. பிறகு இவன், “மேடம், ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?” அவர், “ஃபைன், தேங்க் யூ.” மறுபடி அமைதி. மைக் அணைந்தது.

இதையே திரும்ப எழுதினோம். மழை என்றால் முதலில் அவரோடு சேர்ந்துகொள்: “ஓ, எ ஹோல் வீக்? தட்ஸ் எ லாட்.” அடுத்து உன் பக்கத்திலிருந்து ஒன்று: “வீ ஆர் ஸ்டில் வெயிட்டிங் ஃபார் வாட்டர் ஹியர். த ரிவர் நியர் மை ஹவுஸ் இஸ் ஆல் சேண்ட் நௌ.” அவ்வளவுதான், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

அடுத்த மீட்டிங்கில் அப்படியே நடந்திருக்கிறது. அது மே மாதக் கடைசி. “ஆறு முழுக்க மணலா?” என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், சில நாளில் தண்ணீர் முக்கொம்பு வந்து காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரியும், நாங்கள் இருப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள தீவு, ஆடி பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடம் இருக்காது என்று இவன் சொல்லியிருக்கிறான். இதற்கெல்லாம் என்ன பெரிய ஆங்கிலம் வேண்டும்? அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அடுத்த மீட்டிங்கில் அந்த அம்மாவே முதலில் கேட்டாராம்: “ஹேஸ் யுவர் ரிவர் கம் பேக்?”

இனி முடிப்பது. என்னை மாட்டிவிட்ட இடம் இது.

தங்கை மகள் சொன்னாள்: ஷெக்ளாஃப், சாக்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து, மக்கள் பேச்சை எப்படி முடிக்கிறார்கள் என்று 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். யாரும் நேராக ‘பை’ சொல்லி வைப்பதில்லை. அதற்கு முன்னால் ஒருவர் ‘வெல்’ என்றோ ‘ஓகே’ என்றோ இழுப்பார். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, உனக்கு ஏதாவது உண்டா என்று அதற்கு அர்த்தம். மற்றவரும் ‘ஓகே’ என்றால்தான் முடிவு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் போனில் “சரி… அப்புறம்?” என்போமே! “அப்புறம் நீதான் சொல்லணும்.” “சரி, அப்ப வெச்சிடட்டுமா?” இது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் கதவைச் சாத்திவிட்டு ஓடுகிறோம்.

ஆங்கிலத்தில் இதை மூன்று படியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘வெல்’ அல்லது ‘எனிவே’ என்று கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். அடுத்து, போவதற்கு ஒரு சின்னக் காரணம், அல்லது இவ்வளவு நேரம் பேசியதிலிருந்து ஒன்று: “ஐ ஷுட் கோ அண்ட் ஹெல்ப் மை பிரதர்”, “என்ஜாய் த லன்ச், டூ ட்ரை த பாயசம்.” கடைசியில் “இட் வாஸ் நைஸ் மீட்டிங் யூ.” இதில் ஒரு நுணுக்கம். பார்த்தவுடன் சொல்வது ‘நைஸ் டு மீட் யூ’. பிரியும்போது சொல்வது ‘நைஸ் மீட்டிங் யூ’. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் மீட் கிடையாது, ‘நைஸ் சீயிங் யூ’. சொல்லிவிட்டால் போய்விட வேண்டும். நம் வீடுகளில் வாசல்படியில் நின்று இன்னொரு முக்கால் மணி நேரம் பேசுகிற வழக்கம் இங்கே உதவாது.

போயிட்டு வரேன் என்பதைத் தமிழிலேயே விட்டுவிடுங்கள். ‘போறேன்’ என்று சொல்ல நமக்கு மனசு வராது, அபசகுனம். ஆனால் அவர்களுக்கு ‘கம்’ என்றால் வருவது. வருவாள் என்று நாற்காலி பிடித்து வைப்பார்கள்.

எதிரில் இருப்பவர் முடிக்கப் பார்க்கிறார் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ‘எனிவே’ என்று சொல்லிவிட்டாலோ, “ஐ வோன்ட் கீப் யூ” என்றாலோ, “இட் வாஸ் லவ்லி” என்று பேச்சு இறந்த காலத்துக்குப் போய்விட்டாலோ அதுதான் அறிகுறி. ‘ஐ வோன்ட் கீப் யூ’ என்பது, உன் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று உன்மேல் வைத்து, தான் கிளம்புவதைச் சொல்வது. “நோ நோ, ஐ ஆம் ஃப்ரீ” என்று பதில் சொன்ன மாணவர்கள் எனக்கு உண்டு. அந்த இடத்தில் புது விஷயம் ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பத்திலும் அப்படித்தான். நீங்கள் இரண்டு தடவை நுனி கொடுத்தும் ஒரே வார்த்தையில் பதில் வந்தால், அவருக்கு இப்போது பேச விருப்பமில்லை. புன்னகையோடு விட்டுவிடலாம். தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நாம் எழுப்புவோமா?

மீட்டிங்கில் மட்டும் முடிப்பது உங்கள் வேலை இல்லை. கூட்டியவர் “ஷல் வீ கெட் ஸ்டார்ட்டட்?” என்பார். கூட்டியது நீங்கள் என்றால், எல்லோரும் வந்ததும் “வெல், ஐ திங்க் எவ்ரிஒன் இஸ் ஹியர்” என்று நீங்களே சொல்லுங்கள். சின்னப் பேச்சை நீட்டிக்கொண்டே போவதும் ஒரு குறைதான்.

கடைசியாக ஒன்று. அந்த விருந்தாளிக்கு அண்ணன் பையன் மூலமாக ஒரு கடிதம் அனுப்பினேன். நான்கே வரி. போயிட்டு வரேன் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கி, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டதற்கும் வருத்தம் சொன்னேன். பதில் வந்தது. அந்தக் கேள்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. போகிறவர் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் தனக்குப் பிடித்திருக்கிறது, இப்போது தன் மனைவியும் கடைக்குப் போகும்போது அப்படித்தான் சொல்கிறாள் என்று எழுதியிருந்தார். அடுத்த முறை ஸ்ரீரங்கம் வந்தால் அந்த நாற்காலி எனக்காக இருக்குமாம்.

பிள்ளைகளே, வகுப்பில் சொல்லித்தராமல் விட்டதை இப்போது சொல்லிவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி வாய் அடைத்துப் போன இடம் இருந்தால் எழுதுங்கள். என்ன சொல்லியிருக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம். நான் திருத்துவேன், சிவப்பு மை கிடையாது.

சரி… அப்புறம்? குக்கர் விசில் அடிக்கிறது. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போயிட்டு வரேன்.

உங்கள் டீச்சர்